ஒரே பில் இரண்டு முறை, 00-இல் முடியும் தொகை: செலவு கிளெய்மில் எதைக் குறித்து வைப்பது?

சிறுவாணி

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப், இரண்டாம் வருடம். பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு நாங்கள் இன்டர்னல் ஆடிட் செய்கிறோம். இந்த முறை சேல்ஸ் ஸ்டாஃபின் பயணச் செலவை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் 46 பேர், 2025 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 5,840 வரி. "டூப்ளிகேட் பில், ரவுண்ட் ஃபிகர் ரெண்டையும் எடுத்துக் கொடு, ரிப்போர்ட்டில் ஒரு பாயின்ட்டாகப் போகும்" என்று சீனியர் சொல்லிவிட்டு வேறு கிளையன்ட்டுக்குப் போய்விட்டார்.

ஷீட்டில் இருப்பவை: B ஸ்டாஃப் கோடு, C செலவு வகை, D பில் தேதி, E கடையின் ஜிஎஸ்டி பதிவு எண்ணான GSTIN, F பில் எண், G தொகை. பில் எண் மேல் COUNTIF போட்டேன், 391 வரி இரட்டையாக வந்தது. தொகையை 100-ஆல் வகுத்து மீதி இல்லாததை எடுத்தேன், 2,212 வரி வந்தது. ஐந்து வரியில் இரண்டு வரி சந்தேகம் என்று யாராவது ரிப்போர்ட் கொடுப்பார்களா? எங்கேயோ தப்பு செய்கிறேன். இதை எப்படிச் சுருக்குவது? சுருக்கினால் உண்மையான கேஸ் நழுவிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பிவட்டேபிள்

ரொம்ப சிம்பிள். டேட்டா டேபில் Remove Duplicates இருக்கிறது. பில் எண், தொகை இரண்டையும் டிக் செய்து ஓகே கொடுங்கள். எத்தனை வரி நீங்கியது என்று அதுவே சொல்லும், அதுதான் உங்கள் டூப்ளிகேட் எண்ணிக்கை.

ரவுண்ட் ஃபிகருக்கு பென்ஃபோர்டு விதி போட்டுப் பாருங்கள். இயல்பான தொகைகளில் முதல் இலக்கம் 1 அதிகமாகவும் 9 குறைவாகவும் வரும் என்பதுதான் அது. அந்தப் பரவல் மாறினால் கைவேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். என் அனுபவத்தில், ஒருவருடைய கிளெய்மில் மூன்றில் ஒரு பங்கு 00-இல் முடிந்தால் அவர் எழுதிக்கொள்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

ரூட்டு_வண்டி

கண்ணை மூடிக்கொண்டு சொல்வதால்தான் எங்கள் வயிற்றில் அடிக்கிறீர்கள். நான் ஆடிட்டர் இல்லை, மருந்து லைனில் 11 வருஷமாக ரெப். திண்டுக்கல், தேனி ரூட். போன வருஷம் என் பெட்ரோல் கிளெய்ம் எல்லாம் 500, 1000 என்று இருக்கிறதென்று ஆறு வாரம் பணத்தை நிறுத்தி வைத்தார்கள். பங்க்கில் போய் யாராவது 4.37 லிட்டர் போடு என்று கேட்போமா? "ஐந்நூறுக்கு போடுப்பா" என்போம். பையன் மெஷினில் 500 அழுத்துவான். பில்லும் 500-தான் வரும். அந்த ஆறு வாரமும் சம்பளப் பணத்தில் வண்டி ஓட்டினேன். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டத் தள்ளிப்போனது. உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வரி, எங்கள் வீட்டில் ஒரு மாசம்.

வைகைக்கரை

சிறுவாணி, முதலில் ஒன்று. Remove Duplicates-ஐ உங்கள் ஷீட் மேல் போடாதீர்கள். அது இரண்டாவது வரியை அழித்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் சொல்லும். நமக்கு வேண்டியது எண்ணிக்கை இல்லை, அந்த இரண்டு வரியும் பக்கத்தில் பக்கத்தில். யார் போட்டது, எந்தத் தேதியில், எந்த வவுச்சரில் என்று இரண்டையும் ஒப்பிட்டால்தான் ஏதாவது தெரியும். கம்பெனி கொடுத்த ஃபைலைத் தொடாமல் ஒரு காப்பி எடுத்து அதில் வேலை செய்யுங்கள்.

அடுத்தது ரூட்டு_வண்டி சார் சொன்னது. அவர் தன் கதையைத்தான் சொன்னார், ஆனால் உங்கள் 2,212-க்கு விடை அதிலேயே இருக்கிறது. முழுத்தொகையை மொத்தமாக எண்ணாதீர்கள், செலவு வகை வகையாகப் பிரியுங்கள். பெட்ரோலில் முழுத்தொகை இயல்பு. ஆட்டோவில் இயல்பு. தினப்படி கம்பெனியே 300, 400 என்று வைத்தது, அதில் வேறு எப்படி வரும்? இந்த மூன்றையும் எடுத்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து லாட்ஜ், சாப்பாடு, கூரியர், ஜெராக்ஸ், ரிப்பேர் இவைதான் நிற்கும்.

பென்ஃபோர்டு இங்கே உதவாது. உச்சவரம்பு வைத்த தொகை, நிர்ணயித்த தினப்படி, 500-க்கு போடும் பெட்ரோல் இவையெல்லாம் கலந்த டேட்டாவில் முதல் இலக்கம் விதிப்படி பரவவே பரவாது. ஒரு தப்பும் நடக்காத கம்பெனியிலும் படம் கோணலாகத்தான் வரும்.

டூப்ளிகேட் பக்கம் வருவோம். பில் எண்ணை மட்டும் வைத்துத் தேடினால், பத்து ஓட்டலில் 212-ஆம் நம்பர் பில் இருக்கும், பத்தும் இரட்டை என்று வரும். ஜிஎஸ்டி விதிப்படி ஒரு கடை ஒரு நிதியாண்டுக்குள் ஒரே பில் எண்ணை இரண்டு முறை கொடுக்கக் கூடாது. அதனால் GSTIN, பில் எண் இரண்டையும் சேர்த்து ஒரு சாவி செய்யுங்கள். உங்கள் டேட்டா ஏப்ரலில் தொடங்குவது நல்லது. மார்ச் சேர்ந்திருந்தால் நிதியாண்டையும் சாவியில் சேர்க்க வேண்டும், நிறைய கடைகளில் ஏப்ரலில் எண் மறுபடி 1-இலிருந்து ஓடும்.

அதற்கு முன்னால் பில் எண்ணைச் சுத்தம் செய்யுங்கள். ஒருவர் `A-212` என்று அடித்திருப்பார், இன்னொருவர் `a/212` என்று. H-இல் சுத்தம் செய்த எண், I-இல் சாவி, J-இல் எண்ணிக்கை:

```
H2: =UPPER(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(F2," ",""),"-",""),"/",""))
I2: =E2&"|"&H2
J2: =IF(OR(E2="",H2=""),0,COUNTIF(I:I,I2))
```

சாவியில் தொகையை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஒரே பில்லை முதல் முறை முழுதாகவும், அடுத்த முறை அதில் சாப்பாட்டுப் பகுதியை மட்டும் தனியாகவும் போட்டிருந்தால், தொகை சேர்ந்த சாவி அதைத் தவறவிடும்.

சிறுவாணி

அக்கா, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். பில் எண் மேல் போட்ட பழைய COUNTIF-இல் ஒரு ஓட்டலின் பில்கள் கிட்டத்தட்ட எல்லாமே இரட்டை என்று வந்தன. நேரில் பார்த்தால் கடைசி இலக்கம் வேறு வேறு. செல் டெக்ஸ்ட்டாகத்தான் இருக்கிறது. ஏன்?

வைகைக்கரை

அந்த எண் 16 இலக்கமா? எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். நீங்கள் டெக்ஸ்ட்டாக வைத்திருந்தாலும் COUNTIF அதை எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும், 16-ஆவது இலக்கத்தைப் பார்க்காது. சாவியில் GSTIN-உம் நடுக்கோடும் சேர்ந்துவிட்டால் அது எண்ணாக மாறாது, பிரச்சினை தானாகப் போய்விடும். ஆனால் டவுன்லோட் செய்யும்போதே அந்தப் பத்தி எண்ணாக வந்திருந்தால் கடைசி இலக்கம் 0 ஆகியிருக்கும். அதை மீட்க முடியாது, ஃபைலைத் திரும்ப வாங்க வேண்டியதுதான்.

கவுண்டர்_3

நான் சென்னையில் ஒரு கம்பெனியில் கிளெய்ம் பாஸ் செய்யும் கவுண்டரில் இருக்கிறேன். யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அந்த 5,840 வரியும் பணம் கொடுத்த வரிதானா? எங்களிடம் ஒரு பில் தெளிவாக இல்லை என்றால் திருப்பி அனுப்புவோம், அவர்கள் திரும்பப் போடுவார்கள். சிஸ்டத்தில் இரண்டு வரியும் இருக்கும், ஒன்று ரிஜெக்ட், ஒன்று பெய்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த ஆடிட்டர் இதைப் பார்க்காமல் 120 டூப்ளிகேட் என்று எழுதிவிட்டார். மீட்டிங்கில் எங்கள் மேனேஜர் ஸ்டேட்டஸ் பத்தியைத் திறந்து காட்டியதும் அந்த பாயின்ட் முழுதும் விழுந்தது. அதற்குள்ளே உண்மையாகவே இருந்த நாலைந்து கேஸையும் அதற்கப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

சிறுவாணி

ஸ்டேட்டஸ் பத்தியே எனக்கு வரவில்லை! இன்று கேட்டு வாங்கினேன். 328 வரி ரிஜெக்ட் ஆனது. அதை நீக்கினால் 5,512. பழைய 391-இல் பெரும்பாலானவை இந்த வரிகளும், வேறு வேறு கடையின் ஒரே எண்ணும்தான். புதிய சாவியில் 34 வரி, அதாவது 17 ஜோடி.

17-ஐயும் வவுச்சர் எடுத்துப் பார்த்தேன். 9 ஜோடி ஒரே லாட்ஜ் பில்லை ரூம், சாப்பாடு என்று இரண்டு தலைப்பில் பிரித்துப் போட்டது. இரண்டையும் கூட்டினால் பில் தொகைக்குச் சரியாக வருகிறது. 5 ஜோடியில் ஒரே பில்லுக்கு இரண்டு முறை முழுதாகப் பணம் போயிருக்கிறது. 3 ஜோடியின் ஸ்கேன் வெளுத்துப்போய் எண்ணே படிக்க முடியவில்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. 5,512-இல் GSTIN இருப்பது பாதி கூட இல்லை. பெட்ரோல் பில், பஸ், சின்ன மெஸ் எதிலும் இல்லை. அவற்றில் இரட்டையை எப்படித் தேடுவது?

பிவட்டேபிள்

GSTIN இல்லாத பில்லையே கம்பெனி ஏற்கக் கூடாது. அங்கேதான் ஓட்டை.

கவுண்டர்_3

அது முடியாது சார். பெட்ரோல், டீசல் ஜிஎஸ்டிக்குள்ளேயே வரவில்லை, எந்தப் பங்க்கிடமும் அந்த பில்லை ஜிஎஸ்டி பில்லாகக் கேட்க முடியாது. கிராமத்துப் பக்கம் போகிற ரெப் சாப்பிடும் மெஸ் பதிவு எல்லைக்குக் கீழேதான் இருக்கும்.

வைகைக்கரை

பில் எண்ணை நம்ப முடியாத இடத்தில் தொகையை நம்ப வேண்டும். நீங்கள் இரண்டு தனி வேலையாக நினைக்கும் இரட்டையும் முழுத்தொகையும் இங்கேதான் சேர்கின்றன.

500 ரூபாய் ஒரே வாரத்தில் இருபது முறை வந்தால் அதில் சேதி ஒன்றும் இல்லை. 1,847 ரூபாய் ஒரே வாரத்தில் இரண்டு முறை வந்தால் அது தற்செயலாக நடப்பது அரிது. தொகை எவ்வளவு ஒழுங்கற்றதோ அது திரும்பி வருவதற்கு அவ்வளவு கனம். அதனால் இரட்டைத் தேடலில் முழுத்தொகையை விலக்கிவிடுங்கள், மிச்சத்தை மட்டும் தேதி நெருக்கத்தில் பாருங்கள். ஒரே ஆள் இரண்டு முறை போட்டதை ஒரு பத்தியிலும், வேறு வேறு ஆள் போட்டதை இன்னொரு பத்தியிலும் வையுங்கள். இரண்டாவது இது:

```
=IF(MOD(ROUND(G2,0),50)=0,0,COUNTIFS(B:B,"<>"&B2,G:G,G2,D:D,">="&D2-7,D:D,"<="&D2+7))
```

ஏழு நாள் என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. லாட்ஜ் பில்லில் ஒரு தேதி இருக்கும், கார்டு ஸ்லிப்பில் இன்னொரு தேதி, கிளெய்ம் ஃபார்மில் மூன்றாவது. அதே தேதி வேண்டும் என்று தேடினால், இரட்டையாக வந்த லாட்ஜ் செலவில் பாதியைக் கோட்டை விடுவோம்.

D பத்தியில் தேதி உண்மையில் தேதியாக இருக்கிறதா என்று `ISNUMBER` போட்டுப் பாருங்கள். டெக்ஸ்ட்டாக வந்த தேதியில் இந்த ஃபார்முலா பல நேரம் பிழை எதையும் காட்டாது. சத்தமில்லாமல் 0 என்று வரும், நீங்களும் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவீர்கள். நான் ஒரு முறை ஒரு மாதத்தின் டேட்டாவை அப்படித் தவறவிட்டேன், ரிவ்யூவில்தான் பிடிபட்டது.

சிறுவாணி

அக்கா, வேறு ஆள் போட்ட தேடலில் 11 ஜோடி. 8 பஸ், ரயில் கட்டணம். ஒரே ரூட்டில் இரண்டு பேர் போனால் ஒரே கட்டணம்தானே. இன்னும் 2 பார்க்க வேண்டும்.

மிச்சம் ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மதுரையில் ஒரு லாட்ஜ், 2,464 ரூபாய். 31-ஆம் கோடு ஜூன் 3 என்று போட்டு கம்ப்யூட்டர் பில் வைத்திருக்கிறார். 38-ஆம் கோடு ஜூன் 5 என்று போட்டு கார்டு ஸ்லிப் மட்டும் வைத்திருக்கிறார், GSTIN இடம் காலி. வாடகை 2,200, அதற்கு அப்போதைய 12 சதவீத ஜிஎஸ்டி 264, கூட்டினால் 2,464. இருவரும் அந்த வாரம் மதுரையில் ஒரே டீலர் மீட்டிங்கில் இருந்திருக்கிறார்கள். பில்லில் "இருவர்" என்று அச்சாகியிருக்கிறது. ஸ்லிப்பும் அதே லாட்ஜ்.

எனக்குக் கை நடுங்கியது. மோசடி என்று எழுதலாமா?

வைகைக்கரை

எழுதாதீர்கள். உங்களிடம் இருப்பது ஒரு ரூமுக்கு இரண்டு முறை பணம் போனதாகத் தெரிகிறது என்பது மட்டும். இரண்டு ரூம் எடுத்திருக்கலாம், ஒரே வாடகையாக இருந்திருக்கலாம். இன்னும் ஒரு படி போங்கள். அந்த கார்டு யாருடையது, ஸ்லிப்பின் கடைசி நான்கு இலக்கம் என்ன, 31 தன் கிளெய்மில் பணமாகக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாரா, பில்லில் ரூம் எண் ஒன்றா இரண்டா? லாட்ஜுக்கு ஃபோன் செய்ய வேண்டுமென்றால் நீங்கள் நேரடியாகச் செய்யாதீர்கள், கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் மூலம் எழுத்தில் கேளுங்கள்.

கவுண்டர்_3

இதில் எனக்கு வேறு கருத்து. லாட்ஜுக்கு எழுதி, அது பதில் போட்டு, மூன்று வாரம் ஆகும். அந்த இரண்டு பேரையும் நேராகக் கேளுங்கள். பத்தில் ஏழு பேர் "அவர் போட்டது எனக்குத் தெரியாது, கழித்துக்கொள்ளுங்கள்" என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். நான் பார்த்தவரை இது பெரும்பாலும் கலந்து பேசாமல் வருவது. ஒருவர் கார்டு தேய்ப்பார், இன்னொருவர் பாதி கொடுப்பார், பில் கையில் இருப்பவரும் போடுவார், ஸ்லிப் இருப்பவரும் போடுவார். எங்கள் ஃபார்மில் "ரூமைப் பகிர்ந்தவர் யார்" என்ற கட்டமே போன வருஷம்தான் வந்தது.

வைகைக்கரை

நேராகக் கேட்டால் விஷயம் சீக்கிரம் தெளியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருவேளை அது வேண்டுமென்றே செய்ததாக இருந்தால், கேட்ட அன்று மாலையே மற்ற பில்களுக்கும் விளக்கம் தயாராகிவிடும். எனக்கு அந்த அனுபவம் உண்டு. நான் ஆவணத்தை முதலில் கையில் வைத்துக்கொண்டுதான் ஆளிடம் போவேன்.

கவுண்டர்_3

உங்களுக்கு நடந்தது அப்படி. எனக்கு நடந்தது, கேட்காமல் மூன்று வாரம் ஆவணம் தேடியதில் ஒரு நல்ல பையன் பெயர் கெட்டு வேலையை விட்டுப் போனது. இதில் நான் மாறமாட்டேன் மேடம்.

பிவட்டேபிள்

சரி, பென்ஃபோர்டு விஷயத்தில் நான் அவசரப்பட்டேன். ஆனால் ஓட்டல் பில்லில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஓட்டலில் விலை எல்லாம் 5-இன் மடங்கு. அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி. 475-க்கு 498.75, 480-க்கு 504. நடுவில் 500 வரவே வராது! அதேபோல 950-க்கு 997.50, 955-க்கு 1,002.75. 1,000-உம் வராது. ஆக ஓட்டல் பில்லில் 00 வந்தால் அது பொய் பில்.

வைகைக்கரை

இது நல்ல கணக்கு, எனக்குப் பிடித்திருக்கிறது. முடிவை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள். 1,905-க்கு 2,000.25, ரவுண்ட் ஆஃப் செய்தால் 2,000. 95-க்கு 99.75, அதுவும் 100 ஆகும். அப்புறம் ஜிஎஸ்டி தனியாகப் போடாத ஓட்டல்கள் நிறைய உண்டு. விற்பனை மேல் குறைந்த விகிதத்தில் தானே வரி கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் வரி வாங்கக் கூடாது, அவர் பில்லில் 500 தாராளமாக வரும். பதிவே இல்லாத மெஸ்ஸிலும் வரும். டிப்ஸ் சேர்த்து 1,000-ஆகக் கார்டில் தேய்ப்பவர்களும் உண்டு.

எனவே இதை இப்படி வைத்துக்கொள்ளலாம். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருக்கிறது, கிளெய்ம் 500 அல்லது 1,000. அப்போது பில்லை எடுத்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. ஜிஎஸ்டி காட்டாத பில்லில் முழுத்தொகைக்குத் தனியாக அர்த்தம் இல்லை. அங்கே அதே வகைச் செலவில் மற்றவர்கள் எப்படி என்று ஒப்பிட வேண்டும்.

பெட்ரோலையும் முழுதாக விட்டுவிட வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது தொகையை இல்லை, லிட்டரை. 1,000 ரூபாய்க்குப் போட்டால் லிட்டர் பின்னத்தில் வரும். லிட்டர் கணக்கில் போட்டால் ரூபாய் 500, 1,000 என்று முழுதாக வருவது அரிது. விலை லிட்டருக்கு 100.80 இருக்கும் நாளில் ஒரு பில் 10.00 லிட்டர், 1,000.00 ரூபாய் என்று இரண்டையும் முழுதாகக் காட்டினால், அந்த பில் மெஷினிலிருந்து வந்ததில்லை.

ரூட்டு_வண்டி

இது நியாயமான கேள்வி மேடம். இதை யாராவது என்னிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் பில்லைக் காட்டியிருப்பேன், லிட்டர் எல்லாம் பின்னத்தில்தான் இருந்தது.

தங்கச்சி, மெஸ் பில்லைப் பார்க்கும்போது ஒன்றை மனசில் வையுங்கள். சின்ன மெஸ்ஸில் பில் புக்கே இருக்காது. நாங்கள் கேட்டால்தான் அண்ணன் டிராயரிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கிழித்துக் கொடுப்பார். அந்தப் புத்தகம் எங்களை மாதிரி நாலு ரெப்புக்காகத்தான் இருக்கும்.

சிறுவாணி

அண்ணா, நீங்கள் சொன்னதை இன்று காலை நேரில் பார்த்தேன், சொல்கிறேன்.

சாப்பாட்டை மட்டும் எடுத்தேன். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு ஆறேழு வரிதான் 00-இல் முடிகிறது. 17-ஆம் கோடு மட்டும் தனியாக நிற்கிறார். 41 வரியில் 26. அந்த 26-உம் ஈரோடு பக்கம் ஒரே மெஸ், கையால் எழுதிய பில். தேதி வாரியாக அடுக்கினேன். பில் எண் 212, 213, 214 என்று வரிசையாகப் போகிறது. ஏப்ரல் 9-க்கு 212, ஏப்ரல் 22-க்கு 213, ஏப்ரல் 30-க்கு 214. பதின்மூன்று நாளில் அந்த மெஸ்ஸில் வேறு யாருக்குமே பில் போகவில்லையா என்று நினைத்தேன். பில் புக்கே அவர் கையில் இருக்கிறது என்று எழுதத் தயாராகிவிட்டேன். நீங்கள் சொன்னதைப் படித்ததும் நிறுத்திவிட்டேன்.

வைகைக்கரை

நிறுத்தியது சரி. வரிசை எண் என்பது பில் புக் கையில் இருப்பதற்கும் பொருந்தும், ரெப்புக்கென்று வைத்த தனிப் புத்தகத்துக்கும் பொருந்தும். இரண்டையும் பிரித்துக் காட்டும் சான்று பில்லில் கிடைக்காது, வெளியேதான் தேட வேண்டும். அந்த 26 தேதியை லீவ் ரெஜிஸ்டரோடு ஒப்பிடுங்கள். கம்பெனி கார் என்றால் ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள், அன்று எந்த டோலைத் தாண்டினார் என்று நேரத்தோடு இருக்கும். விசிட் ரிப்போர்ட்டில் அன்று எந்த டீலர் என்று பாருங்கள்.

சிறுவாணி (நான்கு நாள் கழித்து)

முடித்துவிட்டேன், ஓரளவுக்கு.

17-ஆம் கோடு: 26-இல் 2 பில் அவர் லீவ் எடுத்த நாள். 1 பில் அன்று, ஃபாஸ்டேக் படி கார் மதியம் 1.10-க்கு கிருஷ்ணகிரி டோலில் இருக்கிறது. ஈரோடு மெஸ்ஸில் மதியச் சாப்பாடு சாத்தியமில்லை. 14 பில் விசிட் ரிப்போர்ட்டோடு பொருந்துகிறது, அன்று ஈரோட்டில்தான் இருந்திருக்கிறார். 9 பில்லுக்கு இந்தப் பக்கமும் சொல்ல முடியவில்லை, அந்தப் பக்கமும் சொல்ல முடியவில்லை.

மதுரை ரூம்: பில்லில் ஒரே ரூம் எண். கார்டு 38 உடையது. 31 பணமாகக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். கம்பெனி எச்ஆர் இருவரையும் தனித்தனியாகக் கேட்டது. 38-க்குத் தன் பங்கை அன்றே பணமாகக் கொடுத்துவிட்டதாக 31 சொல்கிறார். 38 இல்லை என்கிறார். 2,464 ஒரு முறை அதிகமாகப் போனது உறுதி, யாரிடம் கழிப்பது என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

மிச்சம் இருந்த 2 ஜோடியும் கூரியர். ஒரே எடைக்கு ஒரே கட்டணம், டாக்கெட் எண் வேறு வேறு. விட்டுவிட்டேன்.

ரிப்போர்ட் பத்தியை எப்படி எழுதுவது என்று கொஞ்சம் காட்டுங்கள் அக்கா.

வைகைக்கரை

ரிப்போர்ட் இங்கிலீஷில்தான் போகும், கருத்தை மட்டும் சொல்கிறேன். பெயர் வேண்டாம், கோடும் இணைப்பில் மட்டும். இப்படி:

> ஏப்ரல்–ஆகஸ்ட் 2025-இல் பணம் வழங்கப்பட்ட 5,512 வரிகளும் சோதிக்கப்பட்டன. கடையின் GSTIN, பில் எண் இரண்டும் பொருந்திய 17 ஜோடிகளில் 9-க்கு விளக்கம் ஏற்கப்பட்டது; 5-இல் இருமுறை பணம் வழங்கப்பட்டது உறுதியானது; 3-இல் ஆவணம் படிக்க இயலவில்லை. GSTIN பதியப்படாத பில்களில், தொகையும் தேதியும் நெருங்கிய ஒப்பீட்டின் மூலம் மேலும் ஒரு இருமுறை வழங்கல் கண்டறியப்பட்டது. ஒரு ஊழியரின் 26 உணவுப் பில்களில் 3, அவர் விடுப்பில் அல்லது வேறு ஊரில் இருந்த நாளுக்கானவை. 14 பயண அறிக்கையோடு பொருந்துகின்றன. 9-க்குச் சான்று போதவில்லை.

பாருங்கள், இதில் "போலி", "மோசடி" என்ற சொல்லே இல்லை. அந்த 14-ஐ விட்டுவிடாதீர்கள். 26 என்று மட்டும் எழுதினால் படிப்பவர் 26-உம் பொய் என்று எடுத்துக்கொள்வார். முழுத்தொகை எத்தனை வரி என்ற 2,212 எங்கேயும் வர வேண்டாம். அது நாம் எங்கே பார்ப்பது என்று முடிவு செய்ய உதவியது, அது ஒரு கண்டுபிடிப்பு ஆகாது.

அதற்குக் கீழே காரணத்தை எழுதுங்கள். பில் எண்ணும் GSTIN-உம் கிளெய்ம் ஃபார்மில் கட்டாயம் இல்லை, 38 அதனால்தான் காலியாக விட முடிந்தது. பில் இல்லாமல் கார்டு ஸ்லிப்பை மட்டும் வைத்துப் பாஸ் செய்திருக்கிறார்கள். ரூமைப் பகிர்ந்தவர் கட்டம் இல்லை. மேனேஜ்மென்ட் இதற்குத்தான் பதில் எழுத முடியும்.

பிவட்டேபிள்

அந்த 9 பில்லுக்கு மெஸ்ஸுக்கே போய் பில் புக்கின் அடிக்கட்டையைப் பார்த்துவிடலாமே? கோவையிலிருந்து ஈரோடு இரண்டு மணி நேரம்.

வைகைக்கரை

இன்டர்னல் ஆடிட்டராக அந்தக் கடைக்காரரிடம் எதையும் காட்டு என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. கம்பெனி விரும்பினால் தன் பெயரில் கேட்டுக்கொள்ளட்டும்.

ரூட்டு_வண்டி

தங்கச்சி, ஒரு கேள்வி. அந்த வெளுத்துப்போன 3 பில் யாருடையது என்று தெரியாது, ஆனால் அந்தக் காகிதம் வெயிலில் பைக் டேங்க் கவரில் இருந்தால் ஒரு வாரத்தில் வெள்ளையாகிவிடும். நான் இப்போது பங்க்கிலேயே நின்று ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேன். அவர்களிடமும் ஃபோட்டோ இருக்கலாம், கேட்டீர்களா?

சிறுவாணி

கேட்கவில்லை அண்ணா. ஸ்கேன் படிக்க முடியவில்லை என்றதும் அப்படியே விட்டுவிட்டேன். நாளைக் காலையில் எச்ஆருக்கு மெயில் போடுகிறேன். அதுவரை அந்த 3-ஐ "பதில் எதிர்பார்க்கப்படுகிறது" என்று மாற்றி வைக்கிறேன்.